சோற்றுக்கும் சப்பாத்திக்கும் மாற்று: தட்டில் எது நிற்கும், எது நிற்காது

மாவுச்சத்தைக் குறைக்க முடிவு செய்தவர் வீட்டில் முதலில் மாறுவது பெரும்பாலும் அரிசி டப்பாதான். பொன்னி அரிசி இருந்த இடத்துக்கு வரகு வரும், சாமை வரும், ராத்திரிக்குச் சப்பாத்தி வரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எடையும் அசைந்திருக்காது, சர்க்கரை அளவும் பெரிதாக இறங்கியிருக்காது. காரணம் எளிது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சரிசியில் நார் போக மாவுச்சத்து சுமார் 78 கிராம். வரகிலும் சாமையிலும் சுமார் 66, கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசி வேகவைப்பவர் அதே 60 கிராம் வரகுக்கு மாறினால் மிச்சமாவது ஏழு கிராம். வரகில் நார் கூடுதல் என்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அது நல்லதுதான். ஆனால் அதை மாவுச்சத்து குறைந்த உணவு என்று சொல்ல முடியாது. 'சர்க்கரைக்கு நல்லது' என்று நம்பி முன்பைவிட ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த ஏழு கிராமும் போய்விடும்.

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வும் இதைத்தான் காட்டியது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றினால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. ஆகவே தானியத்துக்குத் தானியம் மாற்றும் வழியை இங்கேயே விட்டுவிடலாம். கஞ்சி வடித்த சோறு, பழைய சோறு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: கொஞ்சம் குறையும், ஆனால் தட்டில் இருப்பது அப்போதும் சோறுதான்.

எவ்வளவு குறைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த மாவுச்சத்து உணவு என்பது வழக்கமான கணக்கு. 50 கிராமுக்குக் கீழே போவது கீட்டோ வகை. அது வேறு விஷயம், சாம்பாரில் இருக்கும் பருப்பைக்கூட அங்கே எண்ண வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை 130 கிராம் எல்லையைப் பற்றியது. மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிடும் வீட்டில் ஒருவர் மட்டும் மாற வேண்டுமானால் நீடித்து நிற்பது அதுதான்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அடுப்புப் பக்கம் போகும் முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சோற்றைப் பாதியாக்கினால், பழைய அளவு மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் கூடும் அபாயம் தனியாக உண்டு. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

சோற்றின் இடத்தில்

இருக்கும் வழிகள் மூன்று: சோற்றை முழுக்க எடுத்துவிட்டு காலிஃப்ளவர் துருவல், முட்டைக்கோஸ் என்று காய்களை வைப்பது, பாதி சோறு, பாதி காய் என்று கலப்பது, மாற்று எதுவும் வைக்காமல் சோற்றைக் குறைத்துக் குழம்பில் உள்ள காயையும் கறியையும் கூட்டுவது.

காலிஃப்ளவர் சோறு என்று இணையத்தில் கொண்டாடப்படுவதை முதல் தடவை செய்பவர்களில் பலர் இரண்டாவது தடவை செய்வதில்லை. கூழாகிவிடும், கூடவே ஒரு வாடை அடிக்கும். இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். நம் ஊரில் காலிஃப்ளவரை மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் புழுவை எடுப்பது வழக்கம். அதை விடவும் முடியாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பூ குடித்த தண்ணீர் முழுதும் கடாயில் வெளியே வரும். துருவல் வதங்காமல் வெந்துவிடும். அதிகம் வெந்த காலிஃப்ளவரில் கந்தக வாடை எழும். மூடி போட்டால் அது உள்ளேயே தங்கிவிடும்.

சரியாக வரும் முறை இது. தண்டு, இலை நீக்கிய பூ 400 கிராம் எடுத்து, வெந்நீரில் ஊறியபின் வடிகட்டி, பருத்தித் துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் தெரியாத வரை விடுங்கள். அரை மணி நேரமாவது ஆகும், மின்விசிறிக்குக் கீழே வைத்தால் கொஞ்சம் சீக்கிரம். பிறகு பெரிய துளையுள்ள துருவியில் துருவுங்கள். மிக்ஸி என்றால் ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, இப்படி மூன்று தடவை போதும். நான்காவது தடவையில் அடியில் இருப்பது விழுதாகத் தொடங்கும். அகலமான இரும்புக் கடாயில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டுப் பெரிய தீயில் மூடாமல் நான்கைந்து நிமிடம் பிரட்டுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்த்தால் கடாயின் அடி காய்ந்திருக்க வேண்டும், துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். அதுதான் பதம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு இதில் பாதி போதும். மாவுச்சத்து நான்கு, ஐந்து கிராமைத் தாண்டாது.

இது எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிக்காய்ச்சல், முட்டைப் பொரியல் மாதிரியான கலவைகளுக்கு நன்றாக இருக்கும். சாம்பார் ஊற்றிப் பிசைவதற்கு ஆகாது. சோறு குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் உருண்டை பிடிக்க முடிகிறது. காலிஃப்ளவரில் உறிஞ்சும் மாவு இல்லை. குழம்பு தட்டின் ஓரத்துக்கு ஓடும், துருவல் நடுவில் தனியாக நிற்கும். கூட்டு, மோர்க்குழம்பு, மசியல், கெட்டியான மீன் குழம்பு ஆகியவற்றோடு ஓரளவு சேரும். ரசத்தை எதோடும் பிசையாமல் டம்ளரில் குடித்துவிடுவது மேல்.

தயிர்ச் சோறு இல்லாமல் சாப்பாடு முடியாதவர்களுக்குக் காலிஃப்ளவரைவிட முட்டைக்கோஸ் பொருந்தும். 150 கிராம் முட்டைக்கோஸை மிகப் பொடியாக நறுக்கி, இட்லித் தட்டில் துணி போட்டு மூன்று நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியதும் கையால் இறுகப் பிழிந்து, கெட்டித் தயிரில் கலந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்துக் கொட்டுங்கள். குளிரவைத்துச் சாப்பிட்டால் குறை தெரியாது. பிழியாமல் விட்டால் பத்தே நிமிடத்தில் மோராகிவிடும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், அன்றாட மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தேர்வு இரண்டாவது வழிதான். 100 கிராம் வெந்த சோறு, 150 கிராம் வதக்கிய காலிஃப்ளவர் துருவல், இரண்டையும் சூடாகக் கலந்து அதன்மேல் சாம்பார். சோற்றில் 28 கிராம், காலிஃப்ளவரில் நான்கு, மொத்தம் 32 கிராம் மாவுச்சத்து. வழக்கமாக 350 கிராம் சோறு சாப்பிடுபவர் தட்டில் அதுவரை இருந்தது 98. இருக்கும் கொஞ்சம் சோறு குழம்பைப் பிடித்துக்கொள்வதால் பிசையவும் வரும், தட்டும் நிறைந்து தெரியும். அடுப்பில் தனிச் சமையல் என்று ஒன்றும் இல்லை: வீட்டுக்கு வடித்த சோற்றில் ஒரு கிண்ணம், கூட ஒரு கடாய் வேலை. முழுக்க காலிஃப்ளவருக்குப் போனவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஒருநாள் பொறுக்காமல் மூன்று கரண்டி சோறு போட்டுக்கொண்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கலந்து சாப்பிடுபவர்களுக்கு அந்த ஏக்கம் குறைவு.

100 கிராம் சோறு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எந்தக் கிண்ணத்தில் அது தலை தட்டி நிற்கிறதோ, அதன்பின் அந்தக் கிண்ணமே அளவு. குழிக்கரண்டியை நம்பக் கூடாது, பசி நேரத்தில் அதன்மேல் குவியல் ஏறும்.

மூன்றாவது வழி, மாற்று வைக்காமல் சோற்றைக் குறைத்துக் காயையும் கறியையும் கூட்டுவது, கேட்க எளிது. தட்டில் வேறெதுவும் கூடாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு அது உடையும். சோறு குறைந்த இடத்தில் புரதம் ஏறாததால் வரும் பசி அது. கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். மதியம் இரண்டு முட்டை, அல்லது 100 கிராம் மீன் அல்லது கோழி, அல்லது 75 கிராம் பன்னீர், சைவத்தில் மலிவாக வேண்டுமென்றால் காய்ந்த நிலையில் 25 கிராம் மீல் மேக்கர், இவற்றில் ஒன்று கட்டாயம். பருப்பை மட்டும் நம்பினால் புரதத்தோடு மாவுச்சத்தும் கூடும்: துவரம்பருப்பில் பாதிக்கு மேல் அதுதான். சாம்பாரில் உருளை, சேனை, சேப்பங்கிழங்கு வேண்டாம். முருங்கை, கத்தரி, வெண்டை, அவரை, புடலை, சுரை எதுவானாலும் சரி, அளவு பார்க்க வேண்டியதில்லை. வாழைக்காய் வறுவலைப் பொரியல் கணக்கில் சேர்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

சப்பாத்தியின் இடத்தில்

சப்பாத்திக்கு மாற்று தேடுவது சோற்றைவிடக் கடினம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் தண்ணீரில் பிசையும்போது வலைபோல் பின்னிக்கொள்கிறது. தேய்த்தால் விரிவதும், கல்லில் உப்புவதும், மடித்தால் உடையாததும் அதனால்தான். மாவுச்சத்து குறைந்த எந்த மாவிலும் அது கிடையாது. அந்த வேலையை வேறெதாவது செய்ய வேண்டும்.

கடைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் ஆட்டா பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். அறுபதுக்குப் பக்கத்தில் இருந்தால் அது கோதுமை மாவுதான், கொஞ்சம் நாரும் தானியமும் சேர்த்தது. வீட்டில் கடலை மாவைப் பாதிக்குப் பாதி கலப்பதும் ஏறக்குறைய இதே கதை. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் 19 கிராம் இருந்தது 16 அல்லது 17 ஆகும். புரதம் கூடுகிறது என்பதற்காகச் செய்யலாம், மாவுச்சத்துக்காக அல்ல.

உண்மையிலேயே குறைப்பது பாதாம் மாவும் இசப்கோலும் சேர்ந்த ரொட்டி. ஒன்றுக்கு மூன்று கிராம் அளவுதான் வரும். நான்கு ரொட்டிக்குத் தோல் நீக்கிய பாதாம் மாவு 100 கிராம், சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் இசப்கோல் உமி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, சுமார் 100 மில்லி வெந்நீர். வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்தால் முதலில் சேறுபோல் இருக்கும். பயந்து மாவைக் கூட்ட வேண்டாம். கால் மணி நேரம் மூடி வைத்தால் இசப்கோல் தண்ணீரை இழுத்துப் பசைபோலாகி மாவைப் பிடித்துக்கொள்ளும். குளூட்டன் செய்யும் வேலையை இங்கே செய்வது அதுதான். எண்ணெய் தடவிய வாழை இலை அல்லது பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும், பலகையில் நேராகத் தேய்த்தால் எடுக்க வராது. கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். பாதாமில் கொழுப்பு அதிகம் என்பதால் வெளியே சீக்கிரம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கல்லில் போட்டவுடன் திருப்பப் போனால் இரண்டாகக் கிழியும். ஓரம் காய்ந்து, தோசைக்கரண்டியைச் செருகினால் தானாக விட்டு வரும் வரை காத்திருங்கள்.

பாதாமை வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் ஆகிவிடும், அதை ரொட்டியாக்க முடியாது. இசப்கோல் சேர்ந்த உணவோடு ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்காவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். மாத்திரைகளையும் அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இடைவெளி வேண்டும்.

இந்த ரொட்டி உப்பாது. ஆறினால் விறைத்துப் போகும், டப்பாவில் கட்டிக்கொண்டு போக ஆகாது. பாதாம் மாவு விலையும் கோதுமையைப் போலப் பல மடங்கு. நாலு ரொட்டிக்கு 100 கிராம் பாதாம் என்றால் கலோரி 600-ஐ ஒட்டி வரும், எடை குறைக்க நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். தேங்காய் மாவு மலிவு, ஆனால் தண்ணீரை அளவில்லாமல் இழுத்து, மடித்தால் பொடிந்துவிடும். தனியாக அதில் ரொட்டி முயல்வது வீண்.

130 கிராம் எல்லைக்குள் இருக்க நினைப்பவர்களுக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. கோதுமையையே வைத்துக்கொண்டு சப்பாத்தியைச் சின்னதாக்கிவிடலாம். ஒன்றுக்கு 20 கிராம் கோதுமை மாவு, 30 கிராம் அளவு வதக்கி அரைத்த பாலக்கீரை அல்லது பொடியாக நறுக்கிய வெந்தயக்கீரை, ஓமம், உப்பு. பாலக்கீரை விழுதின் ஈரமே மாவைப் பிசையப் பெரும்பாலும் போதும், தண்ணீரைக் கடைசியில் தேவை பார்த்துத் தெளிக்கலாம். முதலிலேயே ஊற்றிவிட்டு மாவு இளகிப்போய் மேலும் மாவு கொட்டுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அளவு அதோடு போய்விடும். சப்பாத்தி ஒன்றுக்கு 13 கிராம், இரண்டுக்கு 26. மூன்று சாதாரணச் சப்பாத்தியில் 58 இருந்தது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா இல்லாமல் பன்னீர், முட்டை, கோழி, காளான் என்று இருந்தால் இரண்டே போதுமானதாகத்தான் இருக்கும்.

சப்பாத்தியே வேண்டாம் என்றால் முட்டை தோசை இருக்கிறது. இரண்டு முட்டையை அடித்து, வெங்காயம், மிளகு சேர்த்து மெல்லிதாக ஊற்றி, நடுவில் மீதமிருக்கும் பொரியலை வைத்துச் சுருட்டுவது. ஐந்து நிமிட வேலை, மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு நாள் கணக்கு

ஐம்பது வயது, அலுவலக வேலை, வழக்கமான சாப்பாடு என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை நாலு இட்லி, சாம்பார், சட்னி: சுமார் 50 கிராம். சர்க்கரை போட்ட டீ இரண்டு தடவை, நாலு பிஸ்கட்: 43. மதியம் 350 கிராம் சோற்றோடு குழம்பு, பொரியல், தயிர்: 123. இரவு மூன்று சப்பாத்தி, உருளைக் குருமா: 78. கூட்டினால் 294. இதில் பெரும் பங்கு மதியத்தில் இருக்கிறது. காலை இட்லியோடு மல்லுக்கட்டிக்கொண்டு மதியத்தை அப்படியே விடுபவர்களுக்கு ஏன் எதுவும் நடக்கவில்லை என்பது இங்கே தெரியும்.

மாற்றியபின்: காலையில் 50 கிராம் பச்சைப்பயறு இரவே ஊறவைத்து, இஞ்சி, மிளகாய் சேர்த்து அரைத்து இரண்டு பெசரட்டு, ஒரு அவித்த முட்டை, தேங்காய்ச் சட்னி: 27. இட்லியைப்போல் இதற்கு மாவு புளிக்க வேண்டியதில்லை, ஆனால் மொறுமொறுப்புக்கென்று அரிசி சேர்க்கும் பழக்கத்தை விட வேண்டும். சர்க்கரை இல்லாத டீ இரண்டு, சாயங்காலம் 30 கிராம் அவித்த வேர்க்கடலை: 15. மதியம் கலந்த சோறு, காய் சாம்பார், பொரியல், மீன், தயிர்: 53. இரவு இரண்டு கீரைச் சப்பாத்தி, பன்னீர்க் குருமா: 34. மொத்தம் 129. எல்லையை ஒட்டித்தான் வருகிறது, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் தாண்டிவிடும். பழம் வேண்டுமென்றால் அன்று இரவு சப்பாத்திக்குப் பதில் முட்டை தோசை.

முதல் வாரத்தில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறுவதால் சிலருக்குத் தலைவலி, அசதி இருக்கும். மோரும் ரசமும் குடித்தால் பெரும்பாலும் சரியாகும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், அது மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். மலச்சிக்கல் வந்தால் பெரும்பாலும் சோறு குறைந்த அளவுக்குக் காய் கூடவில்லை என்று அர்த்தம்.

எந்த மாற்று தன் உடம்புக்குப் பொருந்துகிறது என்பதைக் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். ஒருநாள் அதே சாம்பார், அதே பொரியலோடு வரகுச் சோறு, இன்னொரு நாள் கலந்த சோறு. சாப்பிடும் நேரமும் மாத்திரையும் இரண்டு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் நடைப்பயிற்சி போனால் கணக்கு கெடும். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை பார்த்து, இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள ஏற்றத்தை ஒப்பிடுங்கள். ஏற்றம் குறைவாக இருக்கும் தட்டில், கிண்ணத்துச் சோற்றை இன்னும் 20 கிராம் கூட்டிப் பார்க்கலாம். பலருக்கு அதற்கு இடம் இருக்கும்.